ஸ்கூல் வேன் கேப்ஷன்: எந்த வரியைப் பார்த்துப் பெற்றோர் கூப்பிடுகிறார்கள்?

கேள்வி: அண்ணா, கோவை சரவணம்பட்டி–கணபதி பக்கம் சொந்தமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். 12 சீட் வண்டி, காலையில் இரண்டு நடை. ஜூனில் பிள்ளைகள் சேர்க்க வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் கேப்ஷனும் போடணும். ரூட், பாதுகாப்பு, மாதக் கட்டணம், எத்தனை சீட் காலி என்று எல்லாம் வரணும். எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்:

கேப்ஷனைப் பிறகு எழுதலாம் தம்பி. முதலில் சீட் கணக்கையும் கட்டணக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டும் தெளிவானால் கேப்ஷன் தானாக வந்துவிடும். வேன் விளம்பரங்களில் பின்னால் சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டு வரிகளில்தான். ரூட்டைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

சீட்டில் ஆரம்பிப்போம். "12 சீட்" என்கிறீர்கள். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள், அதில் 13 என்று இருக்கும், ஏனென்றால் ஓட்டுநரையும் சேர்த்துத்தான் அதில் எண்ணுவார்கள். ஓட்டுநர் போக 12. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஆயா வருகிறார் என்றால் அவருக்கும் ஒரு சீட் வேண்டும், மீதி 11. ஒரு நடையில் நீங்கள் விற்கக்கூடிய இருக்கை இந்தப் பதினொன்றுதான். ஆயாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு 12 என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் படி கதவோரம் இருக்கிறது. பிரேக் அடித்தால் முதலில் அடிபடுவது அவர்தான், அப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஓட்டுநர் பக்கத்தில் பலகை போட்டு இரண்டு பிள்ளைகளை உட்கார வைப்பதும் அதே கதைதான். ஆர்.சி.யில் இல்லாத இருக்கை இருக்கையே இல்லை.

காலி இருக்கையை எண்ணும்போது பலரும் காலை நடையை மட்டும் பார்க்கிறார்கள். சிக்கல் மாலையில்தான் இருக்கிறது. உங்கள் முதல் நடையில் 8 பேர் வருவதாக வையுங்கள். 3 சீட் காலி என்று போட்டுவிடுவீர்கள். ஆனால் பள்ளி விடும்போது கணக்கு மாறிவிடும். எல்.கே.ஜி. பிள்ளைகள் மதியமே போய்விடுவார்கள். காலையில் இரண்டாம் நடையில் வந்த நான்காம் வகுப்புப் பையன் மாலையில் முதல் நடையில் ஏறுவான், ஏனென்றால் அவன் வகுப்பு முதலில் விடுகிறது. அப்படிப் பார்த்தால் மாலை முதல் நடையில் 10 பேர் இருப்பார்கள். அப்போது அந்த நடையில் உண்மையில் காலியாக இருப்பது 1 சீட். காலையிலும் மாலையிலும் எது குறைவோ அதுதான் நீங்கள் எழுத வேண்டிய எண். இதைப் பார்க்காமல் 3 பேரைச் சேர்த்தால் ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் மடியில் உட்கார்ந்து வரும். அதை வீட்டில் போய்ச் சொல்லவும் சொல்லும்.

அதனால் "சில இருக்கைகளே உள்ளன, முந்துங்கள்" என்று எழுதாதீர்கள். அதை யாரும் நம்புவதில்லை. "முதல் நடை 1 சீட், இரண்டாம் நடை 3 சீட்" என்று எழுதுங்கள். எண் சின்னதாக இருந்தால் அதுவே போதும் அவசரம்.

அடுத்தது கட்டணம். பக்கத்து வேன்காரர் என்ன வாங்குகிறாரோ அதில் நூறு குறைத்துப் போடுவதுதான் வழக்கம். அவருடைய வண்டிக் கடன் முடிந்ததா, அவர் எத்தனை பேரை அடைக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அதனால் உங்கள் செலவிலிருந்து போடுங்கள். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கீரணத்தத்திலிருந்து கணபதிக்கு ஒரு நடை, சரவணம்பட்டியிலிருந்து இன்னொரு நடை, மாலையில் திரும்ப அதே மாதிரி, இடையில் காலியாக ஓடுவது, சந்துகளுக்குள் வளைவது எல்லாம் சேர்ந்து நாளைக்கு 75 கி.மீ. என்று வைப்போம். மாதம் 22 நாள் என்றால் 1,650 கி.மீ. லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தால் 150 லிட்டர் டீசல், லிட்டர் 93 ரூபாய் என்று போட்டால் 13,950. உங்கள் சம்பளம் என்று 16,000 வையுங்கள். சொந்த வண்டி என்று இதை விட்டுவிடுகிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் வண்டியை விற்கிறார்கள். ஆயாவுக்கு 6,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாவற்றுக்கும் மாதம் 9,000 ஒதுக்குங்கள். கடன் முடிந்த வண்டி என்றுதான் இந்தக் கணக்கு. மொத்தம் 44,950.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மே மாதம் நீங்கள் கட்டணம் வாங்கப்போவதில்லை, ஆனால் அந்த 9,000 மே மாதத்துக்கும் வேண்டும். அதை 11 மாதத்துக்குப் பரப்பினால் மாதம் ஏறத்தாழ 820 கூடும். ஆக மாதம் 45,770 வர வேண்டும். இரண்டு நடையும் நிறைந்தால் 22 பிள்ளைகள், தலைக்கு 2,080. எல்லோருக்கும் ஒரே கட்டணம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். அதனால் சரவணம்பட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு 1,900, கீரணத்தம் பக்கம் 2,400 என்று வைக்கலாம். கீரணத்தம் பக்கம் 11 பேர், இந்தப் பக்கம் 11 பேர் என்றால் 47,300 வரும். உங்களுக்கு மிஞ்சுவது 1,530.

பார்த்தீர்களா, தூரத்து நடையில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தாலே மிச்சம் போய்க் கைநட்டம் ஆரம்பித்துவிடும். கூடுதல் பிள்ளைகளை அடைக்கத் தோன்றுவது இந்த இடத்தில்தான். பேராசை என்று சொல்லிவிடலாம், ஆனால் பெரும்பாலும் கட்டணத்தைக் குறைவாக வைத்துவிட்டு அதை ஈடுகட்டச் செய்வதுதான் அது. என்னைக் கேட்டால் நூறு ரூபாய் கூட்டி வையுங்கள். "ஏன் அந்த வேனைவிட அதிகம்?" என்று கேட்டால், "எங்கள் வண்டியில் நடைக்குப் பதினொரு பிள்ளைகள்தான்" என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.

கட்டணத்தைக் கிலோமீட்டர் வைத்து எழுதாதீர்கள். "5 கி.மீ. வரை 1,900" என்று போட்டால், கூகுள் மேப்பில் 4.9 காட்டுகிறது என்று ஒருவர் படம் எடுத்து அனுப்புவார். ஸ்டாப் பெயரை வைத்தே எழுதுங்கள். கட்டணத்தோடு கேப்ஷனில் வர வேண்டியது இரண்டே விஷயம்: எத்தனை மாதம், எந்தத் தேதிக்குள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்குக் கழிவு உண்டா, ஒரு வேளை மட்டும் வந்தால் எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குப் பாதிக் கட்டணம் என்று மட்டும் வாய் விடாதீர்கள். காலை மட்டும் வருகிற பிள்ளையின் மாலை சீட்டுக்கு வேறு ஆள் கிடைப்பது அபூர்வம். முக்கால் கட்டணம் நியாயமானது.

இனி பாதுகாப்பு. இந்த வரியில்தான் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: "100% பாதுகாப்பு, அனுபவமுள்ள ஓட்டுநர், ஜி.பி.எஸ்., சிசிடிவி." படிக்கிற அம்மாவுக்கு இதில் ஒன்றுமே தெரிவதில்லை. அவர் சரிபார்க்கக்கூடியதை எழுதுங்கள்.

அதில் முதலாவது வண்டி எண். மஞ்சள் நம்பர் பலகை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, கேப்ஷனிலும் எண்ணைப் போடுங்கள். mParivahan செயலியில் அந்த எண்ணை அடித்தால் எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊரில் ஓன் போர்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால், பதிவுக்கு மாறாக ஓட்டினீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடம் இருக்கிறது. உங்களுடையது முறையான பெர்மிட் வண்டி என்பது பெரிய விஷயம். அதைச் சொல்ல ஒரு வரி போதும். எஃப்.சி. தேதியை எழுதும் முன் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். ஆகஸ்டில் முடிகிற எஃப்.சி.யை ஜூனில் பெருமையாகப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, வண்டியில் உள்ள பொருட்கள். 2012 ஜூலையில் தாம்பரம் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி வாகனங்களுக்கான தமிழ்நாடு சிறப்பு விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறுவன் வேனில் அடிபட்டு இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கு முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். பெற்றோர் மனதில் இருப்பது இந்த இரண்டு செய்திகளும்தான்: பிள்ளை கீழே விழுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பது. அதனால் பின் கேமரா இருந்தால் அதைச் சொல்லுங்கள், ஜன்னல் கம்பி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி இருப்பதைச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள். தீயணைப்பான் இருந்தால் அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள், சிவப்பு டப்பா மாட்டியிருப்பது மட்டும் போதாது. உங்கள் பெர்மிட்டுக்கு இவற்றில் எதெது கட்டாயம் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. ஜி.பி.எஸ். பற்றி ஒன்று: பெற்றோர் தங்கள் போனில் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். முதலாளி மட்டும் பார்க்கிற ஜி.பி.எஸ்.ஸால் அவர்களுக்கு என்ன பயன்?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது பழக்கம். ஆயா கீழே இறங்கிக் கையில் பிடித்து இறக்குவாரா? சாலையின் மறுபக்கம் வீடு இருந்தால் தாண்ட வைப்பது யார்? வீட்டில் சொன்ன ஆள் வராவிட்டால் பிள்ளையை யாரிடம் விடுவீர்கள்? நடை முடிந்ததும் பின் சீட்டு வரை போய்ப் பார்ப்பீர்களா? பின் சீட்டில் தூங்கிவிடுகிற குழந்தை எல்லா வேனிலும் ஒன்று உண்டு. இதில் இரண்டை மட்டும் கேப்ஷனில் எழுதினால் போதும். "ஆயா இறங்கிக் கைப்பிடித்து ஒப்படைப்பார். நீங்கள் சொன்னவரிடம் மட்டுமே விடுவோம்." இந்த இரண்டு வரிக்காகவே கூப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். எழுதிவிட்டால் தினமும் செய்தாக வேண்டும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரூட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பொது ஸ்டாப்புகளும் நேரமும் மட்டும் போடுங்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள் என்பது ஊருக்கே போகிற ஃபார்வர்டில் இருக்கக் கூடாது. போட்டோவிலும் அப்படியே: சீருடையோடு பிள்ளைகள் முகம் தெரிகிற படம் வேண்டாம், காலி வண்டியின் உள்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். பள்ளியின் முத்திரையையும் போடாதீர்கள். உங்களுடையது தனியார் வேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் பெற்றோர் நேராகப் பள்ளிக்குப் போவார்கள், பள்ளி உங்களைக் கேட்டுக்குள் விடாது. சத்தி ரோட்டில் காலை நெரிசல் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு ஸ்டாப் நேரத்துக்கும் ஐந்து நிமிடம் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் நீளமான கேப்ஷனின் முதல் சில வரிகள்தான் உடனே தெரியும், மீதி தட்டினால்தான் விரியும். அதனால் வண்டிப் பெயர், வாழ்த்து, பூ, நட்சத்திரம் எல்லாம் மேலே வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு, எத்தனை சீட் என்பது முதலில் வரட்டும். தலைப்பு வரியின் இரு முனையிலும் நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்தில் வரும், அது ஒன்று போதும். நூறு ரூபாய் கூட்டாமல், மேலே போட்ட கணக்கை வைத்தே எழுதினால் இப்படி வரும்:

*கீரணத்தம் – சரவணம்பட்டி – கணபதி ஸ்கூல் வேன்*
காலி: முதல் நடை 1 சீட், இரண்டாம் நடை 3 சீட் (மே 10 நிலவரம்)

கணபதி பகுதிப் பள்ளிகளுக்கான தனியார் வேன். ஜூன் முதல்.

முதல் நடை: கீரணத்தம் 7:10, சரவணம்பட்டி 7:25, சிவானந்தபுரம் 7:35, அத்திப்பாளையம் பிரிவு 7:45, பள்ளி 8:00
இரண்டாம் நடை: சரவணம்பட்டி 8:20, சிவானந்தபுரம் 8:28, அத்திப்பாளையம் பிரிவு 8:36, பள்ளி 8:45
மாலை நேரம் வகுப்பைப் பொறுத்து. போனில் சொல்கிறோம்.

மாதக் கட்டணம்: கீரணத்தம் பக்கம் ரூ.2,400. சரவணம்பட்டி முதல் ரூ.1,900. ஜூன் முதல் ஏப்ரல் வரை 11 மாதம், மாதம் 5ஆம் தேதிக்குள். மே மாதம் கட்டணம் இல்லை.

நடைக்கு 11 பிள்ளைகள் மட்டும். மடியில், படியில் யாரும் உட்கார மாட்டார்கள்.
ஆயா இறங்கிக் கைப்பிடித்து ஒப்படைப்பார். நீங்கள் சொன்னவரிடம் மட்டுமே விடுவோம்.
பெர்மிட் வண்டி. எஃப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில். பின் கேமரா, ஜன்னல் கம்பி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி உண்டு.
வண்டி எண்: (உங்கள் எண்). mParivahan-இல் பார்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன் வண்டியை நேரில் வந்து பாருங்கள். அழைக்க: (உங்கள் போன் எண்), காலை 10 முதல் 2 வரை.

அழைக்கும் நேரத்தை நான் சும்மா போடவில்லை. காலை ஏழரைக்கு ஒரு அம்மா கூப்பிட்டு, நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டே போனை எடுத்துப் பேசினால், மேலே எழுதிய பாதுகாப்பு வரிகள் அத்தனையும் அங்கேயே முடிந்துவிடும். நடை இல்லாத நேரத்தைப் போடுங்கள், அந்த நேரத்தில் கட்டாயம் எடுங்கள்.

கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்றுதான். இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், ஒன்றுக்குப் பாதி போடுங்கள் என்பார்கள். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு சீட், டீசலும் குறையப்போவதில்லை. கொடுக்க நினைத்தால் இருவருக்கும் சேர்த்து நூறு, நூற்றைம்பது குறையுங்கள். மிச்சம் 1,530 தான் என்பதை மனதில் வையுங்கள். குறைக்கச் சொல்லாமல், "ஆயா யாருங்க, எந்த ஊர்?" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். அவர்களை நேரில் வரச் சொல்லுங்கள், ஆயாவையும் அன்று வரவழைத்து அறிமுகப்படுத்துங்கள். அந்தக் குடும்பங்கள் பிள்ளை பள்ளி மாறும்வரை வேனை மாற்றுவதில்லை.

கேப்ஷனில் "மே 10 நிலவரம்" என்று தேதி போட்டதையும் எடுத்துவிடாதீர்கள். இந்த ஃபார்வர்டு ஒரு அபார்ட்மென்ட் குரூப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய், ஆகஸ்டில் யாரோ ஒருவர், "3 சீட் இருக்குன்னு போட்டிருக்கீங்களே" என்று கூப்பிடுவார். தேதி இருந்தால் அவருக்கே புரியும். சீட் நிறைய நிறைய இரண்டாம் வரியை மட்டும் மாற்றிப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருங்கள். நிறைந்துவிட்டால் "நிறைந்தது, காத்திருப்புப் பட்டியல் உண்டு" என்று போடுங்கள். வீடு மாறிப் போகிறவர்கள் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வு முடிந்துதான் போவார்கள், ஜனவரியில் அந்தப் பட்டியல் உங்களுக்குத் தேவைப்படும்.